இன்ஸ்டாகிராமில் விட்ட பழைய பெயர் திரும்பக் கிடைக்குமா?

"அண்ணே, தெற்கு மாசி வீதிப் பக்கம் சுங்குடி சேலைக் கடை வைத்திருக்கிறோம். இன்ஸ்டாகிராமில் vaigaikarai_sungudi_kadai என்று இருந்த பெயரைச் சுருக்கி vksungudi_mdu என்று மாற்றினேன். 20 நாள் ஆகிறது. கட்டைப்பை, பில் புக் எல்லாவற்றிலும் பழைய பெயர்தான் அச்சாகியிருக்கிறது. பழையதற்கே போய்விடலாம் என்று பார்த்தால் not available என்கிறது. தேடினால் அந்தப் பெயரில் யாருமே இல்லை. மாற்றிய அன்றே என் மச்சினன் அதே பெயரில் புதுக் கணக்கு திறக்கப் பார்த்தான், அவனுக்கும் கிடைக்கவில்லை. யார் பிடித்து வைத்திருக்கிறார்கள்? திரும்ப வாங்க முடியுமா?"

முதலில் உங்கள் மச்சினனிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: அன்றைக்குக் கிடைக்காமல் போன பிறகு, இரண்டு வாரம் கழித்து மறுபடியும் முயன்றானா? இது ஏன் என்று கடைசிவரை படித்தால் புரியும். நீங்கள் சொன்ன அடையாளங்களை வைத்துப் பார்த்தால், பெயர் உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.

இன்ஸ்டாகிராமில் பெயரை மாற்றும் இடத்திலேயே சின்ன எழுத்தில் ஒரு வரி வரும். பெரும்பாலான சமயங்களில் அடுத்த 14 நாளுக்குள் பழைய பெயருக்குத் திரும்பிக்கொள்ளலாம் என்பதுதான் அதன் சாரம். அந்த 14 நாளும் பழைய பெயர் உங்களுக்காகக் காத்திருக்கிறது. மாட்டுத்தாவணியில் பஸ் சீட்டில் துண்டு போட்டுவிட்டு டீ குடிக்கப் போவது மாதிரி. ஆனால் துண்டு யாருடையதோ அவருக்குத்தான் அந்த இடம். கூட வந்த மச்சினன் போய் உட்கார முடியாது. காத்திருப்பு ஆளுக்காக இல்லை, பெயரை மாற்றிய அந்தக் கணக்குக்காக. அதனால்தான் அன்றைக்கு அவன் புதுக் கணக்கில் கேட்டபோது இல்லை என்று சொன்னது. அந்த நிமிடம் நீங்கள் கடைக் கணக்கிலிருந்து கேட்டிருந்தால் பெரும்பாலும் வந்திருக்கும். அவனுக்குக் கிடைக்காததைப் பார்த்து "யாரோ எடுத்துவிட்டார்கள்" என்று நீங்களும் முயலாமல் விட்டிருப்பீர்கள். நிறையப் பேர் 14 நாளை இப்படித்தான் தவறவிடுகிறார்கள்.

சரி, அந்தக் கெடு முடிந்துவிட்டதா என்பதை நினைவை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். கடைக் கணக்கில் Your activity என்ற பகுதிக்குள் Account history என்று ஒன்று இருக்கும். பெயரை எந்தத் தேதியில் மாற்றினீர்கள் என்பது அங்கே பதிவாகியிருக்கும். 20 நாள் என்று நினைத்தது 12 நாளாக இருந்து, திரும்ப மாற்றிக்கொண்டவர்கள் உண்டு. உண்மையிலேயே 14 தாண்டிவிட்டது என்றால் உங்களுக்கென்று இருந்த முன்னுரிமை போய்விட்டது. அதற்குப் பிறகு அது பொதுப் பெயர், முதலில் கேட்பவருக்குப் போகும்.

இங்கேதான் உங்கள் குழப்பம் வருகிறது. பொதுவில் வந்த பெயர் என்றால் உங்களுக்கே கிடைக்க வேண்டுமே, தேடினாலும் யாரும் இல்லையே? தேடலில் வராததால் கணக்கே இல்லை என்று ஆகிவிடாது. கணக்கைத் தற்காலிகமாக முடக்கி வைத்திருந்தால் அது யார் கண்ணிலும் படாது, ஆனால் பெயர் அதனிடமேதான் இருக்கும். அந்தக் கணக்கை வைத்திருப்பவர் உங்களை பிளாக் செய்திருந்தாலும் உங்களுக்குத் தெரியாது. விதிமீறலுக்காக இன்ஸ்டாகிராமே நீக்கிய கணக்கின் பெயரும் பல நேரம் வெளியே வருவதில்லை. இவை எல்லாவற்றுக்கும் உங்கள் திரையில் வருவது அதே not available தான். காரணத்தை நாம்தான் பிரித்துப் பார்க்க வேண்டும்.

பிளாக்கா என்று பார்ப்பது சுலபம். கணக்கில் நுழையாத ஒரு பிரவுசரில், இன்னொருவர் போன் என்றால் இன்னும் நல்லது, இந்த முகவரியைத் திறங்கள்:

```
instagram.com/vaigaikarai_sungudi_kadai
```

பக்கம் திறந்தால் ஒரு ஆள் இருக்கிறார், உங்களிடமிருந்து மறைந்திருக்கிறார். அவர் பிளாக் செய்யாத இன்னொருவர் கணக்கில் இன்ஸ்டாகிராமுக்குள் நுழைந்து அவர் பக்கத்தில் மூன்று புள்ளியைத் தொட்டு About this account போனால், அந்தக் கணக்கு எந்த மாதம் தொடங்கியது, இதற்கு முன் எத்தனை முறை பெயர் மாறியது என்பது பல கணக்குகளுக்குத் தெரியும். உங்கள் கெடு முடிந்த பிறகு தொடங்கியதாக இருந்தால், பெயருக்காகவே திறந்தது என்று ஊகிக்கலாம். பக்கம் இல்லை என்று வந்தால் முடக்கிய கணக்கு, நீக்கிய கணக்கு என்ற இரண்டில் ஒன்று. உங்கள் விஷயத்தில் முடக்கிய கணக்கு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஏன் வீட்டுக்குள் தேடச் சொல்கிறேன் என்றால், இதே மாதிரி ஒரு பருத்திப்பால் கடை விஷயத்தைக் கூட இருந்து பார்த்திருக்கிறேன். தெப்பக்குளம் பக்கம் கடை. உரிமையாளர் ஜூன் 5 அன்று கடையின் பெயரைச் சுருக்கினார். பழைய பெயரை வேறு யாரும் எடுத்துவிடக் கூடாது என்று அவர் மகன் தன் ஜிமெயிலில் ஒரு கணக்கு திறக்கப் பார்த்தான், கிடைக்கவில்லை. ஜூன் 21 அன்று சும்மா மறுபடி முயன்றான், கிடைத்துவிட்டது. காலியான கணக்கு எதற்கு என்று இரண்டு நாளில் முடக்கிவிட்டு, அப்பாவிடம் சொல்லவும் மறந்துவிட்டான். ஜூலை முதல் வாரம் அப்பா பழைய பெயரைக் கேட்கிறார், இல்லை என்கிறது. யாரோ போட்டிக் கடைக்காரர் வேலை என்று இவருக்கு ஒரே கோபம். பக்கத்துக் கடைக்காரரோடு பேச்சு வார்த்தையே நின்றுபோனது.

கண்டுபிடித்தது மெயில் பெட்டியை வைத்துத்தான். கணக்கு திறந்தால் இன்ஸ்டாகிராமிலிருந்து ஒரு மெயில் வந்தே தீரும். வீட்டில் யார் யார் கை வைத்திருக்கலாமோ அவர்கள் எல்லோருடைய ஜிமெயிலிலும் தேடும் இடத்தில் இதைப் போட்டுப் பாருங்கள்:

```
from:mail.instagram.com
```

மகன் மெயிலில் பழைய கடைப் பெயரோடு வரவேற்புக் கடிதம் கிடந்தது. மெயில் இல்லாமல் போன் நம்பர் கொடுத்துத் திறந்திருந்தால் இது உதவாது. அப்போது அந்த போனில் இன்ஸ்டாகிராம் எஸ்எம்எஸ் ஏதும் வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முடக்கிய கணக்கைத் திரும்பக் கொண்டுவர விண்ணப்பம் எதுவும் தேவையில்லை. அதே பெயர், பாஸ்வேர்டோடு உள்ளே நுழைந்தால் உயிர் வந்துவிடும். பாஸ்வேர்டு மறந்திருந்தால் அந்த மெயில் வழியாகவே புதிதாக வைத்துக்கொள்ளலாம்.

முடக்காமல் அழிக்கச் சொல்லியிருந்தால் கொஞ்சம் அவசரம். அழிக்கும் கோரிக்கை கொடுத்த 30 நாளுக்குள் உள்ளே நுழைந்து அதை ரத்து செய்யலாம். அது தாண்டினால் கணக்கு போய்விடும். முழுவதுமாக அழித்து முடிக்க 90 நாள்வரை எடுத்துக்கொள்ளும் என்று இன்ஸ்டாகிராமே சொல்கிறது. அதுவரை பெயரும் உங்களுக்குக் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

இனி முக்கியமான இடம். கணக்கு கையில் கிடைத்ததும் பருத்திப்பால் கடைக்காரர் செய்தது, நீங்களும் செய்யத் துடிப்பது: மகனின் கணக்கில் பெயரை வேறு எதற்கோ மாற்றிவிட்டு, உடனே கடைக் கணக்குக்கு வந்து பழைய பெயரை டைப் செய்தார். மறுபடியும் not available. அந்த நிமிடம் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! இதற்கும் காரணம் அதே 14 நாள்தான். இப்போது பெயரை விட்டது மகனின் கணக்கு, அதனால் காத்திருப்பு மகனின் கணக்குக்காக ஓடும். ஒரு காலத்தில் கடைப் பெயராக இருந்தது என்பதை அது கணக்கில் எடுத்துக்கொள்ளாது. சில நேரம் இப்படி இரண்டு சொந்தக் கணக்குகளுக்கு நடுவே பெயர் உடனே கைமாறிவிடும், பல நேரம் மாறாது. அவர் ஜூலை 8 அன்று விட்டார், ஜூலை 23 காலையில்தான் கடைக் கணக்கில் பச்சை டிக் வந்தது.

அந்த இடைவெளியில் அவர் செய்யாமல் இருந்தவைதான் பெயரைக் காப்பாற்றின. மகனின் கணக்கை அழிக்கவில்லை. அழித்திருந்தால் கெடு எதுவரை என்றே தெரியாமல் போயிருக்கும். பொறுமை இழந்து தினமும் கடைக் கணக்கின் பெயரை வேறு வேறாக மாற்றிப் பார்க்கவும் இல்லை. அடிக்கடி மாற்றினால் கொஞ்ச நாளுக்கு மாற்றவே விடாது, சரியாகப் பெயர் வெளியே வரும் நாளில் நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். ஒரு ஆபத்து மட்டும் எப்படியும் உண்டு. கெடு முடிந்து நீங்கள் டைப் செய்வதற்கு முன் வேறொருவர் கேட்டால் அவருக்குப் போய்விடும். உங்கள் பழைய பெயர் இரண்டு கோட்டையும் சேர்த்து 25 எழுத்து, அதுவும் ஒரு கடைக்கே உரியது. அதை யாரும் காத்திருந்து பிடிக்க வாய்ப்புக் குறைவு. நாலு எழுத்தில் அழகான பெயராக இருந்தால் நான் இந்த வழியைச் சொல்லவே மாட்டேன்.

உண்மையைச் சொன்னால், பெயர் மச்சினனின் கணக்கில்தான் இருக்கிறது என்று தெரிந்தால், அதை நகர்த்தவே வேண்டாம் என்பேன். உங்களுக்கு வேண்டியது, பையைப் பார்த்துத் தேடுபவர் கடைக்கு வந்து சேர வேண்டும், அவ்வளவுதான். அந்தக் கணக்கை உயிர்ப்பித்து, படத்தில் கடையின் அதே லோகோவைப் போட்டு, அறிமுக வரியில் "எங்கள் கடை இப்போது @vksungudi_mdu பக்கத்தில்" என்று எழுதி, அதையே ஒரு பதிவாகவும் மேலே பின் செய்துவிடுங்கள். கணக்கைப் பப்ளிக்காக வைத்திருங்கள். மெயிலையும் போன் நம்பரையும் கடையுடையதாக மாற்றிவிடுங்கள், நாளைக்கு மச்சினன் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போய் நம்பரை மாற்றினாலும் கணக்கு உங்களிடம் இருக்கும். இதில் காத்திருப்பும் இல்லை, பெயரை இழக்கும் ஆபத்தும் இல்லை.

கட்டைப்பை மட்டுமே காரணம் என்றால் இது போதும். ஆனால் பெயரை விட்டதால் அறுந்தது பை மட்டும்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். உங்களைப் பின்தொடர்பவர்கள், பதிவுகள், மெசேஜ்கள் எல்லாம் கணக்கோடு இருக்கும், ஒன்றும் ஆகாது. வாடிக்கையாளர் சேலை கட்டிய போட்டோவில் உங்களை டேக் செய்திருந்தால் அதுவும் புதுப் பெயருக்கு வந்துவிடும். ஆனால் போட்டோவுக்குக் கீழே எழுத்தில் @ போட்டுப் பழைய பெயரை எழுதியிருந்தால் அது அப்படியே நிற்கும், அந்தப் பெயர் இப்போது யாரிடம் இருக்கிறதோ அவர் பக்கத்துக்குத்தான் போகும். இன்ஸ்டாகிராம் ஆப்பிலிருந்து எடுத்துக் கல்லாப்பெட்டி பக்கத்தில் ஒட்டிய கியூஆர் கோடும் பழைய பெயர் கொண்ட முகவரிதான். அதைப் பிய்த்துவிட்டுப் புதிது ஒட்டுங்கள். கூகுள் மேப்பில் கடைக்குக் கொடுத்திருக்கும் லிங்க்கையும் பாருங்கள். இதற்காகத்தான் பழைய பெயர் அன்னியர் கையில் இருப்பது ஆபத்து: உங்களைப் பாராட்டி எழுதிய பத்துப் பேருடைய பதிவுகள் அவருக்கு இலவச விளம்பரம்.

மச்சினனும் இல்லை, வீட்டில் யாருமே இல்லை, வெளி ஆள்தான் என்று உறுதியானால் வழி குறுகிவிடும். அந்தப் பக்கம் திறக்கிறது என்றால் மரியாதையாக ஒரு மெசேஜ் போடுங்கள், அவ்வளவு நீளப் பெயர் வேண்டாம் என்று விட்டுக்கொடுப்பவர்களும் உண்டு. விட்டாலும் 14 நாள் காத்திருப்பு இங்கேயும் பொருந்தும், அவரே உடனே திரும்ப எடுத்துக்கொள்ளவும் முடியும். காசு கொடுத்து வாங்குவது இன்ஸ்டாகிராம் விதிக்கு எதிரானது. கொடுத்தபின் பெயர் வராவிட்டால் யாரிடம் போய் முறையிடுவீர்கள்?

டிரேட்மார்க் புகார் என்று ஒரு வழி இருக்கிறது. அதற்குப் பதிவு எண் வேண்டும், "இத்தனை வருடமாக நாங்கள்தான் வைத்திருந்தோம்" என்பது செல்லாது. உங்கள் பெயரைப் பிரித்துப் பாருங்கள்: வைகைக்கரை, சுங்குடி, கடை. ஒன்று ஊர் அடையாளம், ஒன்று துணி வகை, ஒன்று பொதுச் சொல். மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது, சௌராஷ்டிர மக்கள் தலைமுறைகளாக முடிச்சுப் போட்டு வந்த துணி அது. ஒரு கடை மட்டும் தன் சொல் என்று பிடித்துக்கொள்ள முடியாது. பதிவுக்குப் போட்டால் சொல்லுக்கு ஆட்சேபணை வரும், லோகோவோடு சேர்த்துப் போட்டால் கொஞ்சம் வாய்ப்பு. ஆன்லைனில் போட்டால் தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் ஒரு வகுப்புக்கு ரூ. 4,500 கட்டணம், வக்கீல் செலவு தனி, பதிவாகி வர மாதக்கணக்கில் ஆகும். பழைய பை தீர்வதற்குள் வராது. இந்த ஒரு பெயருக்காக மட்டும் என்றால் நான் போகமாட்டேன்.

அந்த ஆள் உங்கள் படங்களைப் போட்டு, உங்கள் கடை மாதிரியே நடித்து ஆர்டர் எடுத்தால் கதை வேறு. அப்போது ஆள்மாறாட்டம் என்று அந்தப் பக்கத்திலேயே ரிப்போர்ட் செய்யுங்கள், வாடிக்கையாளர் யாராவது பணம் கட்டி ஏமாந்திருந்தால் அவரை சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு உடனே அழைக்கச் சொல்லுங்கள். ஆனால் ரிப்போர்ட் செய்து அந்தக் கணக்கு நீக்கப்பட்டால் பெயரும் அதோடு புதைந்துபோகலாம். மோசடியை நிறுத்தத்தான் அது, பெயரை மீட்க இல்லை என்று தெரிந்தே செய்யுங்கள்.

இந்த நேரத்தில் "மெட்டாவில் ஆள் இருக்கிறார், பெயரை எடுத்துத் தருகிறேன்" என்று கண்டிப்பாக யாராவது மெசேஜில் வருவார். முன்பணம் கேட்பார், அப்புறம் "சரிபார்க்க ஒரு ஓடிபி வரும், சொல்லுங்கள்" என்பார். அந்த ஓடிபியோடு இப்போது கையில் இருக்கும் vksungudi_mdu வும் போய்விடும். பழைய பெயருக்காகப் பத்தாயிரம் பேர் பின்தொடரும் கணக்கையே விட்டவர்கள் இருக்கிறார்கள்.

கடைக்கு யூடியூப் சேனலும் இருந்து, அங்கேயும் பெயரைச் சுருக்கும் எண்ணம் இருந்தால் ஒரு வார்த்தை. அங்கேயும் 14 நாள்தான், ஆனால் அந்த நாட்களில் பழைய லிங்க், புது லிங்க் இரண்டுமே வேலை செய்யும். எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள், 15-வது நாள் பழையது நின்றுவிடும். எக்ஸில் இந்த மாதிரி காத்திருப்பை நம்பவே வேண்டாம், விட்ட பெயரை அடுத்தவர் எடுத்துக்கொள்ளலாம்.

இன்று கடை அடைத்ததும் Account history-யில் தேதியைப் பாருங்கள், அப்புறம் மச்சினனின் ஜிமெயில். இரண்டிலும் ஒன்றும் சிக்கவில்லை என்றால் கடைக் கணக்கிலிருந்து சில நாளுக்கு ஒருமுறை மட்டும் பழைய பெயரை டைப் செய்து பாருங்கள், டிக் வந்தால் மட்டும் உடனே சேமித்துவிடுங்கள், வராவிட்டால் அப்படியே வெளியே வந்துவிடுங்கள். மீதி இருக்கும் பைகளுக்குப் புதுப் பெயர் போட்ட ஸ்டிக்கர் அடித்து ஒட்டிவிடுங்கள். பக்கத்து அச்சகங்களிலேயே அடித்துத் தருவார்கள்.